முதல் உலகப் போருக்கான காரணங்கள்: கட்டுரை திருத்தும் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேல்நிலை வகுப்புகளிலும் கல்லூரி முதலாண்டிலும் வரலாறு எடுப்பவர்கள், முதல் உலகப் போர் கட்டுரையைத் திருத்த உட்காரும்போது கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வகுப்பில் எழுதச் சொல்லி வாங்கும் கட்டுரைகளுக்கு மட்டும்தான் இது. பொதுத்தேர்வு விடைத்தாளுக்கு விடைக்குறிப்பு தருவார்கள், அங்கே அதன்படிதான் போக வேண்டும்.

கட்டுக்கட்டா பேப்பர் வந்திருக்கு. ஒரு கட்டுரையைக் கையில எடுத்ததும் முதல்ல எதைப் பார்க்கணும்?

பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக் கட்டுரையையும் ஒரு தடவை படியுங்கள். படித்து முடித்ததும் இந்தப் பிள்ளை என்ன பதில் சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். "பால்கனில் தொடங்கிய தகராறைக் கூட்டணிகள்தான் ஐரோப்பா முழுக்கப் பரப்பின" என்று சொல்ல முடிந்தால் கட்டுரையில் ஒரு வாதம் இருக்கிறது. "போருக்கு நிறைய காரணங்கள் இருந்தன" என்பதற்கு மேல் எதுவும் தேறவில்லை என்றால் தகவல் இருக்கிறது, வாதம் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் பென்சிலால் தாளின் மேலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கருத்துரை எழுதும்போது அங்கிருந்துதான் தொடங்கப் போகிறீர்கள்.

அப்புறம் நீங்கள் கொடுத்த கேள்வியையும் ஒரு தடவை பாருங்கள். "காரணங்களை எழுதுக" என்று கேட்டுவிட்டு, பட்டியல் போட்டுவிட்டான் என்று மார்க் குறைப்பது நியாயமில்லை. "கூட்டணி முறையே முதல் உலகப் போருக்கு முதன்மைக் காரணம். இக்கருத்தை ஆராய்க" என்று கேட்டால்தான் எடைபோட்டு எழுத இடம் கிடைக்கும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்தக் கேள்வியை மனதில் வைத்து எழுதியவை.

ராணுவவாதம், கூட்டணி, ஏகாதிபத்தியம், தேசியவாதம்னு நாலும் எழுதியிருக்கான், சரயேவோ கொலையும் இருக்கு. அப்புறம் எதுக்கு மார்க் குறைக்கணும்?

அந்த நாலும் 1914-க்கு முன்பே பல வருடங்களாக இருந்தவை என்பதால்தான். 1908-இல் ஆஸ்திரியா-ஹங்கேரி போஸ்னியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டபோது செர்பியா கொதித்தது, ரஷ்யா கோபப்பட்டது, ஜெர்மனி ஆஸ்திரியாவின் பக்கம் நின்றது, ஆனாலும் போர் வரவில்லை, 1909-இல் ரஷ்யா இறங்கி வந்தது. 1911-இல் மொராக்கோவின் அகாதிர் துறைமுகத்துக்கு ஜெர்மனி போர்க்கப்பல் அனுப்பியது, அதுவும் பேச்சுவார்த்தையில் முடிந்தது. 1912-லும் 1913-லும் பால்கனிலேயே இரண்டு போர்கள் நடந்தன, வல்லரசுகள் அவற்றுக்குள் குதிக்கவில்லை. அதே கூட்டணிகள், அதே படைகள், அதே தேசிய உணர்ச்சி, ஆனால் உலகப் போர் இல்லை.

எனவே கட்டுரையில் நீங்கள் தேட வேண்டியது "ஏன் 1911-இல் வராத போர் 1914-இல் வந்தது?" என்பதற்கு ஏதாவது பதில். பதில் முழுமையாக இருக்க வேண்டியதில்லை. 1909-இல் பணிந்துபோன ரஷ்யா இன்னொரு தடவை பணிந்தால் பால்கனில் மதிப்பே போய்விடும் என்று நினைத்தது என்று ஒரு வாக்கியம் இருந்தாலே போதும், அந்தப் பிள்ளை காரணத்தைப் பற்றி யோசித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நாலு தலைப்பும் அழகாக இருந்து இந்த யோசனை எங்குமே இல்லை என்றால், அது சரியான தகவல் உள்ள பாதிக் கட்டுரை. அதற்குப் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுக்கலாம், முழு மார்க் கொடுக்க முடியாது.

மார்க்கை எப்படிப் பிரிக்கறது? மொத்தமா பார்த்துப் போட்டா போதாதா?

மொத்தமாகப் பார்த்துப் போட்டால் முதல் பத்துத் தாளுக்கு ஒரு அளவும் கடைசிப் பத்துக்கு வேறு அளவும் வந்துவிடும். நான் 20 மார்க் கட்டுரையை வாதத்துக்கு 6, சான்றுக்கு 6, காரணத் தொடர்புக்கு 5, அமைப்புக்கும் மொழிக்கும் 3 என்று பிரிப்பேன். கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறதா, அது கடைசிவரை நிற்கிறதா என்பது வாதம். பெயர், ஆண்டு, நிகழ்வு எல்லாம் சரியாகவும் வேண்டிய இடத்திலும் இருக்கின்றனவா என்பது சான்று. ஒன்று எப்படி அடுத்ததற்குக் கொண்டுபோனது என்று காட்டுவது காரணத் தொடர்பு.

இந்த மூன்றாவதைத் தனியாக வைப்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். சான்றோடு சேர்த்துவிட்டால் தேதிகளை மனப்பாடம் செய்த பிள்ளை அதற்கான மார்க்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போய்விடும், தனக்கு என்ன வரவில்லை என்பதே அதற்குத் தெரியாமல் போகும். பிரித்த மார்க்கைத் தாளிலும் எழுதுங்கள். இந்தப் பிரிவு கட்டுரை எழுதுவதற்கு முன்பே அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்றது புரியுது, ஆனா ஒரு கட்டுரையை வச்சுத் திருத்திக் காட்டுங்களேன்.

சரி. அடிக்கடி வரும் மாதிரியில் நானே எழுதிய ஒரு பத்தி இது, மாணவர் யாருடையதும் இல்லை:

> "போருக்கு முதன்மைக் காரணம் கூட்டணி முறையே ஆகும். 1882-இல் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி ஆகியவை மூவர் கூட்டணியை அமைத்தன. பிரான்ஸ், ரஷ்யா, பிரிட்டன் மறுபக்கம் சேர்ந்தன. 1914 ஜூன் 28-இல் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் செர்பியாவில் கொல்லப்பட்டார். உடனே எல்லா நாடுகளும் ஒப்பந்தப்படி போரில் இறங்கின. எனவே கூட்டணி முறையே காரணம்."

முதல் வாக்கியத்திலேயே பதில் இருக்கிறது, அது நல்ல விஷயம், பல கட்டுரைகளில் அதுகூட இருக்காது. 1882 சரி, கூட்டணி நாடுகள் சரி, கொலை நடந்த தேதி சரி. இடம்தான் தவறு. சரயேவோ போஸ்னியாவில் இருக்கிறது, அன்றைக்கு அது ஆஸ்திரியா-ஹங்கேரியின் ஆட்சியில் இருந்த நகரம். சுட்ட கவ்ரிலோ பிரின்சிப் போஸ்னியாவைச் சேர்ந்த செர்பியர்.

உண்மையான சிக்கல் "உடனே எல்லா நாடுகளும் ஒப்பந்தப்படி" என்ற வாக்கியத்தில் இருக்கிறது, ஏனென்றால் வாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. கொலை நடந்த ஜூன் 28-க்கும் பிரிட்டன் போர் அறிவித்த ஆகஸ்ட் 4-க்கும் இடையே 37 நாள், எனவே "உடனே" பொருந்தாது. மூவர் கூட்டணியில் இருந்த இத்தாலி, அது தற்காப்புக்கான ஒப்பந்தம்தான் என்று சொல்லி நடுநிலையில் நின்றுவிட்டது, 1915 மே மாதம் எதிர்ப்பக்கம் சேர்ந்து ஆஸ்திரியாவோடேயே போரிட்டது. அதனால் "எல்லா நாடுகளும்" என்பதும் சரியில்லை. செர்பியாவைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று ரஷ்யாவைக் கட்டிப்போடும் கூட்டணி ஒப்பந்தம் எதுவும் இல்லை, பிரான்ஸுக்காகப் போரிட வேண்டும் என்று பிரிட்டனைக் கட்டிப்போடும் ஒப்பந்தமும் இல்லை. பிரிட்டன் எடுத்துக்காட்டியது பெல்ஜியத்தின் நடுநிலையைக் காக்கும் 1839 உடன்படிக்கையை. ஆக "ஒப்பந்தப்படி" என்பதும் பாதிதான் உண்மை.

இப்போது மார்க். பதில் தெளிவு, ஆனால் கடைசி வாக்கியம் முதல் வாக்கியத்தையே திரும்பச் சொல்கிறது, வாதம் நகரவில்லை: 6-க்கு 3. சான்று பெரும்பாலும் சரி, ஒரு முக்கியமான தவறு: 6-க்கு 4. காரணத் தொடர்பு என்று இருப்பது அந்த ஒரு வாக்கியம், அதுவும் நிற்கவில்லை: 5-க்கு 1. அமைப்பு, மொழி: 3-க்கு 3. மொத்தம் 11. கட்டுரையின் மற்றப் பத்திகளும் இதே தரத்தில் இருந்தால் முழுக் கட்டுரைக்கும் இந்த எண்தான் வரும்.

ஒரு தேதி தப்பா போட்டா எவ்வளவு குறைக்கணும்? ஒரு தப்புக்கு அரை மார்க்னு வச்சுக்கலாமா?

அப்படி ஒரே கணக்கு வைக்காதீர்கள். அந்தத் தவறைத் திருத்தினால் வாதம் மாறுகிறதா என்று பாருங்கள். மூவர் கூட்டணி 1881 என்று எழுதியிருந்தால் அடிக்கோடிட்டு விட்டுவிடலாம், வாதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்தது ஜூலை 28, ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டது ஜூலை 30. இந்த இரண்டும் இடம் மாறி, ரஷ்யா படை திரட்டியதால்தான் ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்தது என்று எழுதியிருந்தால், தப்பு இரண்டு நாள்தான், ஆனால் யார் தொடங்கினார்கள் என்பதே தலைகீழாகிவிடுகிறது. இதற்குச் சான்றிலும் தொடர்பிலும் குறைக்கலாம்.

முன் பதிலில் வந்த "செர்பியாவில் கொல்லப்பட்டார்" இரண்டாவது வகை. கொலை செர்பிய மண்ணில் நடந்ததாக நினைத்துவிட்டால், ஆஸ்திரியா செர்பியாவை மிரட்டியது சாதாரணமான, நேரடியான எதிர்வினையாகத் தோன்றும். தன் ஆட்சிக்குள்ளேயே, தன் குடிமகன் ஒருவன் செய்த கொலைக்குப் பக்கத்து நாட்டைப் பொறுப்பாக்க ஆஸ்திரியா முடிவெடுத்தது என்பது அந்தப் பிள்ளையின் கண்ணில் படாமலே போய்விடும். ஆயுதம் பெல்கிரேடிலிருந்து வந்தது என்பதும் அங்கே எழுத வேண்டிய செய்திதான்.

எம்டன் கப்பல் சென்னையில குண்டு போட்டது, வெர்சாய் ஒப்பந்தம், எல்லாத்தையும் காரணத்துலயே சேர்த்துடறாங்க. அதுக்கு மார்க் உண்டா?

இல்லை. எம்டன் சென்னைத் துறைமுகப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது 1914 செப்டம்பர் 22, போர் தொடங்கி ஏழு வாரம் கழித்து. பிள்ளைகளுக்கு ஊர்க்கதையாகத் தெரிந்த விஷயம் என்பதால் ஆசையாக எழுதுகிறார்கள், அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். "இது போர் தொடங்கிய பிறகு நடந்தது, காரணமாக இருக்க முடியுமா?" என்று ஓரத்தில் கேட்டுவிட்டு மார்க் கொடுக்காமல் விடுங்கள். அதற்காகத் தனியாகக் குறைக்க வேண்டாம், அந்த இடத்தை வீணாக்கியதே போதுமான இழப்பு.

வெர்சாய் விஷயம் கொஞ்சம் வேறு. 1919 ஒப்பந்தத்தின் 231-ஆவது பிரிவு போரால் ஏற்பட்ட இழப்புகளுக்கு ஜெர்மனியையும் அதன் கூட்டாளிகளையும் பொறுப்பாக்கியது. அதைக் காட்டி "எனவே ஜெர்மனியே காரணம்" என்று முடிக்கும் கட்டுரைகள் வரும். வென்றவர்கள் தோற்றவரிடம் கையெழுத்து வாங்கிய ஒரு பிரிவு, அதுவும் இழப்பீடு கேட்பதற்கு அடிப்படையாக வைத்த பிரிவு, 1914-இல் நடந்ததற்குச் சான்றாகுமா என்று கேட்டு எழுதுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி கனமானதில்லை.

ஏகாதிபத்தியம் பத்திதான் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கு. "காலனிகளுக்காகப் போட்டி போட்டதால் போர் வந்தது." இதுக்கு என்ன எழுதறது?

அந்தப் பத்தியை அசைத்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: காலனிகளுக்காக அதிகமாக மோதிக்கொண்டவர்கள் யார்? ஆப்பிரிக்காவில் பிரிட்டனும் பிரான்ஸும், 1898-இல் நைல் நதிக்கரையில் ஃபஷோடாவில் போர் விளிம்புவரை போனார்கள். ஆசியாவில் பாரசீகம், ஆப்கானிஸ்தான் பக்கம் பிரிட்டனும் ரஷ்யாவும். இந்த மூவரும்தான் 1914-இல் ஒரே பக்கம் நின்றார்கள், ஏனென்றால் 1904-லும் 1907-லும் உட்கார்ந்து பேசி அந்தத் தகராறுகளைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். பாடப்புத்தக வாக்கியத்தை அப்படியே எடுத்தால் போர் பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் இடையே வந்திருக்க வேண்டும்.

ஏகாதிபத்தியத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. மொராக்கோவில் ஜெர்மனி இரண்டு தடவை நெருக்கடி கொடுத்தது பிரிட்டனையும் பிரான்ஸையும் இன்னும் நெருங்கவைத்தது. பால்கனில் ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் மோதியதும் பேரரசுப் போட்டிதான், கடல் தாண்டிப் போகாமல் பக்கத்திலேயே நடந்த போட்டி. இப்படி வழியைக் காட்டும் கட்டுரைக்குத் தொடர்பில் 4, 5 தாராளமாகக் கொடுங்கள். கடற்படைப் போட்டிக்கும் இதேதான் அளவு: 1906-இல் டிரெட்நாட் கப்பல் வந்தது என்று மட்டும் எழுதினால் அது தகவல், ஜெர்மனி கப்பல் கட்டக் கட்ட பிரிட்டன் பழைய எதிரிகளிடம் நெருங்கியது என்று எழுதினால் அது காரணம்.

"ஜெர்மனி மட்டும்தான் காரணம்"னு ஒருதலைப்பட்சமா எழுதியிருந்தா? எனக்கு அந்தக் கருத்தே ஏற்பில்லை.

உங்களுக்கு ஏற்பு இல்லாததற்காக ஒரு மார்க்கும் குறையக் கூடாது. ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர் 1961-இல் கிட்டத்தட்ட அந்தப் பக்கமாக வாதிட்டபோது ஜெர்மனியிலேயே பெரிய சர்ச்சை கிளம்பியது, அந்த விவாதம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. ஆகவே அது நிற்கக்கூடிய நிலைப்பாடுதான். அந்த நிலைப்பாட்டுக்கு வேண்டிய சான்றைக் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள்: ஜூலை 5, 6 தேதிகளில் ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி நிபந்தனையில்லாத ஆதரவு கொடுத்தது, ரஷ்யா படை திரட்டினால் முதலில் பெல்ஜியம் வழியாக பிரான்ஸைத் தாக்கியே ஆக வேண்டும் என்று இருந்த அதன் போர்த்திட்டம், இந்த மாதிரி.

அடுத்தது எதிர்ப்பக்கத்தை எதிர்கொண்டிருக்கிறதா என்பது. ஜூலை 23-இல் 48 மணி நேரக் கெடு வைத்து இறுதி எச்சரிக்கை அனுப்பியது வியன்னா, பெர்லின் இல்லை. வல்லரசுகளில் முதலில் முழுப் படைதிரட்டலுக்குப் போனது ரஷ்யா. இவற்றில் ஒன்றையாவது எடுத்து "ஆனாலும் ஜெர்மனியின் பொறுப்பே பெரிது, ஏனெனில்" என்று போயிருந்தால் வாதத்துக்கு 6-க்கு 5 கொடுக்கலாம். கண்டுகொள்ளாமலே போயிருந்தால் 3. எல்லா நாடுகளும் சமமாகக் காரணம் என்று எழுதும் பிள்ளைக்கும் இதே அளவுதான், அது நடுநிலை போலத் தோன்றுவதால் பலர் அதற்குத் தானாகவே கூட்டிப் போட்டுவிடுகிறார்கள்.

"போர் தவிர்க்க முடியாததாகிவிட்டது"ன்னு முடிக்கறாங்க. கேட்க நல்லாத்தானே இருக்கு?

கேட்க நன்றாக இருப்பதுதான் அதில் பிரச்சினை. இரண்டாவது கேள்வியின் பதிலில் சொன்ன மூன்று நெருக்கடிகளிலும் உலகப் போர் தவிர்க்கப்பட்டது. 1914-லேயே செர்பியா ஜூலை 25-இல் கொடுத்த பதில் பெரும்பாலான நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டது, விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கெடுப்பதைத்தான் மறுத்தது. அதைப் படித்த கைசரே இனிப் போருக்குக் காரணம் இல்லை என்று குறிப்பு எழுதினார், ஆனால் அதே ஜூலை 28-இல் ஆஸ்திரியா போர் அறிவித்துவிட்டது.

எனவே அந்த வரிக்குப் பக்கத்தில் "எந்த நாளுக்குப் பிறகு தவிர்க்க முடியாமல் போனது?" என்று எழுதுங்கள். ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதுமே பிள்ளை ஜூலை மாதத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும், அங்கேதான் நல்ல கட்டுரைக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது.

கருத்துரைன்னு என்னதான் எழுதறது? "நன்று, இன்னும் ஆழமாக எழுதவும்" போதாதா?

ஆழமாக எழுதத் தெரிந்திருந்தால் எழுதியிருக்குமே. அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு பிள்ளையால் அடுத்து எதுவும் செய்ய முடியாது. கருத்துரைக்கு மூன்று வேலை: அது சொல்ல வந்ததை நீங்கள் புரிந்துகொண்டீர்கள் என்று காட்டுவது, எந்த இடத்தில் அது நிற்கவில்லை என்று குறிப்பிட்ட வரியைக் காட்டுவது, அடுத்த தடவை உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரே ஒரு வேலையைக் கொடுப்பது. மேலே 11 வாங்கிய கட்டுரைக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

> "கூட்டணி முறைதான் முதன்மைக் காரணம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டாய், படிப்பவருக்கு எங்கே போகிறாய் என்று தெரிகிறது. 'உடனே எல்லா நாடுகளும் ஒப்பந்தப்படி' என்ற வரியில்தான் வாதம் தளர்கிறது. இத்தாலி இறங்கவில்லை. பிரிட்டனுக்கு அப்படி ஒப்பந்தமும் இல்லை. ஜூன் 28 முதல் ஆகஸ்ட் 4 வரை வியன்னா, பெர்லின், ரஷ்யத் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிய மூன்று இடங்களில் எடுத்த முடிவுகளை முடிவுக்கு ஒரு வாக்கியமாக எழுதி, ஒவ்வொன்றிலும் கூட்டணிக்கு என்ன பங்கு என்று சேர். கொலை நடந்த இடத்தை வரைபடத்தில் பார்த்துத் திருத்து."

கல்லூரி மாணவர் என்றால் "சொல்லிவிட்டீர்கள்" என்று மாற்றிக்கொள்ளுங்கள், மற்றபடி இதே அளவுதான். பாராட்டும் குறிப்பிட்டதாக இருக்க வேண்டும். "நன்று" என்பதைப் படித்தால் எதைத் திரும்பச் செய்வது என்று தெரியாது, "முதல் வரியிலேயே சொல்லிவிட்டாய்" என்று படித்தால் அடுத்த கட்டுரையிலும் அப்படியே தொடங்கும். இன்னொன்று, பதிலை நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இத்தாலி இறங்கவில்லை என்று சொல்லிவிட்டேன், ஏன் என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? அதைத் தேடிப் போவது பிள்ளையின் வேலை.

சந்திப்பிழை, வாக்கியப்பிழை எல்லாத்தையும் திருத்தித்தானே கொடுக்கணும்? விட்டா நமக்குத்தானே கெட்ட பேர்?

தாள் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை முதலில் எண்ணுவது சிவப்புக் கோடுகளை. ஒற்று விட்டுப்போன இருபது இடத்துக்கு நடுவில் வாதத்தைப் பற்றிய உங்கள் ஒரு வரி காணாமலே போய்விடும். மொழிப்பிழைகளை ஒரே ஒரு பத்தியில் மட்டும் முழுசாகத் திருத்தி, "மற்றப் பத்திகளில் இதே மாதிரிப் பிழைகளை நீயே பார்" என்று விடுங்கள். பொருளையே மாற்றும் பிழை என்றால் அது எங்கிருந்தாலும் திருத்த வேண்டும், "ரஷ்யா ஜெர்மனி மீது போர் அறிவித்தது" என்று எழுவாய் இடம் மாறிய வாக்கியம் மாதிரி. ஆகஸ்ட் 1-இல் போர் அறிவித்தது ஜெர்மனி.

மொழி சுமாராக இருந்து யோசனை நன்றாக இருக்கும் கட்டுரை, மொழி அருவி மாதிரி ஓடி உள்ளே ஒன்றும் இல்லாத கட்டுரை, இந்த இரண்டும் வரும்போதுதான் 6, 6, 5, 3 என்ற பிரிவு உங்களைக் காப்பாற்றும். மொழியால் அதிகபட்சம் போகக்கூடியது 3 மார்க்தான்.

கைடுல இருக்கறதை வரி மாறாம எழுதியிருக்காங்க. பத்துப் பேர் பேப்பர் ஒரே மாதிரி. எல்லாருக்கும் பூஜ்ஜியம் போட்டுடலாமா?

வேண்டாம், அதில் இருக்கும் தகவல் சரி என்றால் சான்றுக்குக் கொஞ்சம் கிடைக்கட்டும். வாதமும் தொடர்பும் அவர்களுடையது இல்லை, அவற்றுக்கு மார்க் இல்லை. அதைத் தாளில் வெளிப்படையாக எழுதுங்கள்.

அதைவிட அடுத்த தடவை கேள்வியை மாற்றுவது பயன் தரும். "கூட்டணிகள் இருந்தும் இத்தாலி 1914-இல் ஏன் போரில் இறங்கவில்லை? இது கூட்டணி முறை பற்றிய வாதத்தை எப்படிப் பாதிக்கிறது?" என்று கேட்டால் மனப்பாடப் பத்தியை அப்படியே இறக்கிவைக்க இடம் இருக்காது.

நாற்பது பேப்பர் சார். இப்படி ஒவ்வொண்ணுக்கும் பத்தி பத்தியா எழுத நேரம் எங்க இருக்கு?

முதலில் ஐந்து தாளை மார்க் போடாமல் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் பிழைகள் அதிலேயே தெரிந்துவிடும்: "உடனே எல்லா நாடுகளும்", காலனிப் போட்டி வாக்கியம், "தவிர்க்க முடியாதது", போருக்குப் பிந்தைய நிகழ்வைக் காரணமாக எழுதுவது. இவற்றுக்கு 1 முதல் 4 வரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் ஒரு கேள்வியும் ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் நகல் கொடுங்கள். கட்டுரை ஓரத்தில் எண் மட்டும் போட்டால் போதும். கையால் எழுத வேண்டியது அந்தப் பிள்ளைக்கென்றே உரிய இரண்டு, மூன்று வரி, மேலே காட்டிய கருத்துரையின் முதல் வரியும் கடைசி வேலையும் மாதிரி.

எல்லாக் கட்டுரைக்கும் இதே உழைப்பைப் போட வேண்டும் என்றும் இல்லை. பருவத்துக்கு ஒரு கட்டுரைக்கு முழுசாக எழுதுங்கள், மற்றவற்றுக்குப் பிரித்த மார்க்கும் எண்ணும் போதும்.

இவ்வளவு எழுதியும் மார்க்கை மட்டும் பார்த்துட்டு மடிச்சு பைக்குள்ள வச்சுடறாங்களே?

அப்படியானால் மார்க்கைத் தள்ளிப் போடுங்கள். முதல் நாள் கருத்துரை மட்டும் எழுதிய தாளைக் கொடுத்து, வகுப்பிலேயே இருபது நிமிடம் விட்டு, குறிப்பிட்ட அந்த ஒரு பத்தியை மட்டும் திருப்பி எழுதச் சொல்லுங்கள். முழுக் கட்டுரையையும் திருப்பி எழுதச் சொன்னால் நகல்தான் வரும். புதுப் பத்தியைப் பார்த்துவிட்டு, தேறியிருந்தால் தொடர்புக்கான மார்க்கைக் கூட்டி, அதன் பிறகு மொத்தத்தைச் சொல்லுங்கள். மேலே உள்ள மாதிரிக் கட்டுரையில் ஜூலை மாத முடிவுகள் மூன்றும் ஒழுங்காக வந்துவிட்டால் 1 இருந்த இடத்தில் 4 வரும், 11 என்பது 14 ஆகும்.

மார்க் ஏன் குறைந்தது என்று கேட்டு வருபவர்களுக்கும் இதுவே வழி. எந்தப் பிரிவில் போனது என்று தாளில் இருக்கிறது, அந்தப் பத்தியைத் திருத்தி எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

ஒரே கட்டுரைக்கு நான் 11 போட்டேன், பக்கத்து செக்ஷன் எடுக்கறவங்க 14 போட்டிருக்காங்க. யார் சரி?

மொத்தத்தை வைத்துப் பேசினால் முடிவே வராது, பிரிவுவாரியாகப் பாருங்கள். பெரும்பாலும் வித்தியாசம் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கும், "உடனே எல்லா நாடுகளும் ஒப்பந்தப்படி" என்பதை அவர் தொடர்பாக எடுத்துக்கொண்டு 4 போட்டிருப்பார், நீங்கள் அது உண்மைக்குப் பொருந்தவில்லை என்று 1 போட்டிருப்பீர்கள். அப்படியானால் பேச வேண்டியது தவறான தகவலின் மேல் கட்டிய தொடர்புக்கு எவ்வளவு என்பதைப் பற்றி மட்டும். என் கணக்கில் அதற்கு 5-க்கு 2-க்கு மேல் போகக் கூடாது, பத்தாம் வகுப்பு என்றால் 3 வரை போகலாம், ஏனென்றால் இத்தாலி விஷயம் அங்கே பாடத்தில் அழுத்தமாக வருவதில்லை.

திருத்தத் தொடங்கும் முன்பே இரண்டு பேரும் ஒரே மூன்று கட்டுரைகளைத் தனித்தனியாகத் திருத்தி ஒப்பிட்டுப் பாருங்கள், நல்லது ஒன்று, நடுத்தரம் ஒன்று, சுமார் ஒன்று. எந்தப் பிரிவிலாவது 2 மார்க்குக்கு மேல் விலகியிருந்தால் அதைப் பேசித் தீர்த்துவிட்டு, எடுத்த முடிவைக் குறித்து வைத்துக்கொண்டு மீதித் தாள்களை எடுங்கள்.